புதுப்பிப்பு: டோபமைன் கணக்கு, படத்தில் தெளியாத அலகு

என் முந்தைய கேள்வி: "நோயாளி எடை 60 கிலோ. 250 மி.லி. திரவத்தில் 400 மி.கி. டோபமைன். நிமிடத்துக்கு, கிலோவுக்கு 5 என்கிறது வினா. படத்தில் அலகு மங்கியிருக்கிறது. பம்ப்பை மணிக்கு எத்தனை மி.லி. வைப்பது?"

தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் அக்கா ஒருவர் விடையைத் தொடாமல் அலகைத்தான் முதலில் பார்த்தார். "மி.கி. என்றே வைத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 300 மி.கி. ஆகிறது, முழுப் பையும் ஒன்றரை நிமிடம்கூட வராது. ஆகவே அது மைக்ரோகிராம்தான்" என்றார். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

அதன்பின் கணக்கு தடையின்றி ஓடியது. நிமிடத்துக்கு 300 மைக்ரோகிராம், மணிக்கு 18 மி.கி. ஒரு மி.லி.யில் 1.6 மி.கி. இருப்பதால் மணிக்கு 11.25 மி.லி.

"அப்படியானால் நிமிடத்துக்கு 11 சொட்டு" என்றார் சக மாணவர். மி.லி.க்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட்டில் அது சரி. 20 சொட்டு செட்டில் நான்குகூட வராது.

இன்னொருவர் தம் குழந்தையின் காய்ச்சல் மருந்து அளவைக் கேட்டார். அதை மருத்துவரிடமே கேட்கச் சொன்னோம்.

ஒன்று மட்டும் முடியவில்லை. அந்த 400 மி.கி. மருந்துக்காக 5 மி.லி. ஆம்பூல் இரண்டைப் பையில் சேர்த்தால் மொத்தம் 260 மி.லி. ஆகாதா? அப்படிக் கொண்டால் விடை 11.7. வினா 250 என்றே சொல்வதால் நான் 11.25 எழுதுவேன், அக்காவின் வார்டில் பையிலிருந்து 10 மி.லி. திரவத்தை முன்பே எடுத்துவிடுவார்களாம்.