நோட்டீஸ் காலத்துக்கு ஈடான தொகை: எந்தக் கணக்கு சரி?

அனைவருக்கும் வணக்கம். வேலையை ராஜினாமா செய்திருக்கிறேன். ஒப்பந்தப்படி நோட்டீஸ் காலம் 90 நாள். புதிய இடத்தில் விரைவில் சேர வேண்டியிருப்பதால் 50 நாள் மட்டுமே வேலை செய்ய முடியும். மீதி 40 நாளுக்கு ஈடாகப் பணம் கட்டி விலகலாம் என்று ஒப்பந்தம் சொல்கிறது. ஆனால் "குறையும் நாட்களுக்கான சம்பளம்" என்றுதான் எழுதியிருக்கிறது. அது அடிப்படைச் சம்பளமா, மொத்தச் சம்பளமா என்ற விளக்கம் எங்கும் இல்லை.

என் மொத்தச் சம்பளம் மாதம் 60,000. அதில் அடிப்படைச் சம்பளம் 30,000. அடிப்படையை 30 நாளால் வகுத்து 40 ஆல் பெருக்கினால் 40,000 வருகிறது. மனிதவளப் பிரிவோ மொத்தச் சம்பளத்தை 26 ஆல் வகுத்து, அதை 40 ஆல் பெருக்கி 92,308 கேட்கிறது. இரண்டு மடங்குக்கும் மேல்!

எனக்கு உறுத்துவது அந்த 26தான். அது வார விடுமுறையைக் கழித்த வேலை நாட்களின் எண்ணிக்கை. அப்படி வகுத்தால், 40 நாளில் வரும் வார விடுமுறைகளையும் கழித்துவிட்டுத்தானே பெருக்க வேண்டும்? 35 வேலை நாள் என்று வைத்தால் 80,769தான் வருகிறது.

இதே நிலையைச் சந்தித்தவர்கள் உதவுங்கள். ஒப்பந்தம் தெளிவாக இல்லாதபோது அடிப்படைச் சம்பளத்தை வைத்துக் கணக்கிட வைத்தீர்களா? எனக்கு 12 நாள் ஈட்டிய விடுப்பு மிச்சம் இருக்கிறது. அதைக் குறையும் நாட்களில் கழித்தார்களா, அல்லது இறுதிக் கணக்கில் தனியாகக் கொடுத்தார்களா? வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்.