லைக் கெஞ்சாமல் அனுபவத்தைக் கேட்டு வாங்க முடியுமா?

மொட்டைமாடி:
மாடித்தோட்டத்துக்கென்று ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் நடத்துகிறேன். பதிவின் கடைசியில் "உங்கள் அனுபவத்தைக் கமெண்டில் பகிருங்கள்" என்று போட்டால் "சூப்பர்", "அருமை", கும்பிடும் கைகள், இவ்வளவுதான் வருகிறது. "லைக் போடுங்க, மூணு பேரை டேக் பண்ணுங்க" என்று கேட்க மனசு வரவில்லை. அடுத்த பதிவு தக்காளி இலைச் சுருட்டல் பற்றி. கேள்வியை எப்படி எழுதினால் தங்கள் செடிக்கு நடந்ததைச் சொல்வார்கள்?

சேலைக்கடை:
டேக் கேட்பதில் என்ன தப்பு? பத்து பேர் பார்க்கிற பதிவில் எவ்வளவு நல்ல கேள்வி கேட்டாலும் பதில் சொல்ல ஆள் வேண்டுமே. எங்கள் பக்கத்தில் "இந்த நிறம் யாருக்குப் பொருந்தும், அவரை டேக் பண்ணுங்க" என்று போட்டால் கூட்டம் வரும். முதலில் கூட்டம், அப்புறம்தான் அனுபவம்.

பழைய உதவியாசிரியர்:
கூட்டம் வேண்டும் என்பது சரி. ஆனால் டேக் கேட்டு வரும் கூட்டம் பேரை மட்டும் போட்டுவிட்டுப் போகும். அதோடு, லைக், ஷேர், டேக், ஒற்றைச் சொல் கமெண்ட் இவற்றைக் கெஞ்சி வாங்கும் பதிவுகளைக் கீழே தள்ளுவோம் என்று ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. ஆலோசனையோ உதவியோ உண்மையாகக் கேட்கும் பதிவுகளுக்கு அது பொருந்தாது என்றும் அப்போதே சொன்னார்கள். ஆகவே கேள்வி கேட்பதற்குப் பயப்பட வேண்டாம்.

மொட்டைமாடி, "அனுபவத்தைப் பகிருங்கள்" என்பது படிப்பவர் தலையில் முழு வேலையையும் கட்டிவிடுகிறது. எந்த அனுபவம், எங்கிருந்து தொடங்குவது, எவ்வளவு எழுதுவது என்று அவரே யோசிக்க வேண்டும். பஸ்ஸில் நின்றபடி போனைப் பார்ப்பவர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். நான் பத்திரிகையில் வாசகர் பக்கம் பார்த்தபோது பிடித்துக்கொண்ட வழி இது: ஒரே ஒரு சமயத்தைக் கேளுங்கள், அந்தச் சமயத்தில் அவர் எடுத்த ஒரு முடிவைக் கேளுங்கள். "இலை சுருண்டால் என்ன செய்வீர்கள்?" என்றால் எங்கோ படித்ததைத் திருப்பி எழுதுவார்கள். "கடைசியாக இலை சுருண்ட தக்காளிச் செடியைப் பிடுங்கினீர்களா, விட்டுவைத்தீர்களா?" என்றால் அந்தச் செடி கண்முன் வந்து நிற்கும்.

அக்ரி மாணவன்:
இதற்கு கூகுள் ஃபார்ம்தான் சரி. மாவட்டம், ரகம், விதைத்த தேதி, தொட்டி அளவு எல்லாம் கேட்டால் ஒழுங்கான தகவல் கிடைக்கும். முக்கியமாக எந்த இலை சுருண்டது என்று கேளுங்கள். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் என்றால் நுனிக் கொழுந்து சிறுத்து, ஓரம் மஞ்சளாகிச் சுருளும். வெயிலும் தண்ணீர்க் குறைவும் காரணம் என்றால் பெரும்பாலும் அடி இலைகள்தான் முதலில் மேல்நோக்கிச் சுருளும்.

பழைய உதவியாசிரியர்:
தம்பி, அவர் கணக்கெடுப்பு நடத்தவில்லை, பேச்சைத் தொடங்கி வைக்கப் பார்க்கிறார். ஆனால் நுனியா அடியா என்று நீங்கள் சொன்னது அருமையான தகவல். அதைப் பதிவில் போடாமல், யாராவது "பிடுங்கிட்டேன்" என்று எழுதியதும் பதிலில் கேட்க வேண்டும்: "எந்த இலை முதலில் சுருண்டது? அப்போது பூ விட்டிருந்ததா?" பதிவிலேயே நாலு கேள்வி போட்டால் யாரும் எதற்கும் பதில் சொல்ல மாட்டார்கள்.

சேலைக்கடை:
பாருங்கள், "பிடுங்கிட்டேன்" என்று ஒரே சொல்லில்தானே பதில் வருகிறது! நீங்கள் குறை சொன்ன ஒற்றைச் சொல் கமெண்ட் இதுவும்தானே?

பழைய உதவியாசிரியர்:
நியாயமான கேள்வி. இரண்டில் ஒன்றைக் கேட்டால் அந்த ஆபத்து இருக்கிறது. ஆனால் "இட்லியா தோசையா" என்பதற்குப் பின்னால் சொல்ல ஒன்றுமில்லை. செடியைப் பிடுங்கியவருக்கு ஏன் பிடுங்கினார் என்ற கதை இருக்கிறது. அதை வெளியே கொண்டுவருவது பக்கம் நடத்துபவர் வேலை. முதலில் வரும் நாலைந்து கமெண்ட்டுகளுக்கு அன்றைக்கே துணைக்கேள்வியோடு பதில் போட வேண்டும். பின்னால் வருபவர்கள் முன்னால் இருப்பதன் நீளத்தைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். முதல் ஐந்தும் "சூப்பர்" என்றால் ஆறாவதும் அதுதான்.

பால்கனி அக்கா:
நான் பக்கம் நடத்துகிறவள் இல்லை, படிக்கிறவள். எழுதாமல் இருப்பதற்கு என் காரணத்தைச் சொல்கிறேன். போன வருஷம் ஒரு குழுவில் என் கத்தரிச் செடி பட்டுப்போனதை எழுதினேன். உடனே மூன்று பேர் வந்து "தண்ணி அதிகமா ஊத்தியிருப்பீங்க", "இதுகூடத் தெரியாதா" என்று ஆரம்பித்துவிட்டார்கள். கேள்வி நன்றாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் நான் அங்கே எதுவும் எழுதவில்லை.

மொட்டைமாடி:
அக்கா, இது எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியென்றால் "காப்பாற்றியது எப்படி?" என்று கேட்டால் காப்பாற்றியவர்கள் மட்டும்தான் வருவார்கள், இல்லையா?

பழைய உதவியாசிரியர்:
அதேதான். செத்த செடிக்கும் கேள்வியில் இடம் இருக்க வேண்டும். "பிடுங்கினீர்களா, விட்டுவைத்தீர்களா" என்பதில் இரண்டுமே தப்பில்லாத பதில். "ஏன் மருந்து அடிக்கவில்லை?" என்று கேட்டால் குற்றம் சாட்டுவது போல் ஆகிவிடும். "என்ன மருந்து அடித்தீர்கள்?" என்றும் கேட்காதீர்கள். அளவு, இடைவெளி எதுவும் இல்லாமல் பூச்சிமருந்துப் பெயர்கள் வரிசையாக வந்து விழும். வீட்டில் குழந்தை சாப்பிடும் தக்காளியில் யாராவது அதைப் பார்த்து அடித்துவைத்தால் பொறுப்பு உங்களுக்கும் உண்டு. "விட்டுவைத்தேன், அப்புறம் என்ன ஆனது தெரியுமா" என்பது அனுபவம். "இதை அடிங்க" என்பது யோசனை. உங்களுக்கு வேண்டியது முதலாவது.

அக்ரி மாணவன்:
வைரஸ் வந்த செடிக்கு மருந்தே கிடையாது. வெள்ளை ஈயைத்தான் கட்டுப்படுத்தலாம். அதையாவது பதிவில் எழுதுங்கள், இல்லாவிட்டால் தப்பான அனுபவங்கள் பரவும்.

பழைய உதவியாசிரியர்:
எழுதட்டும், ஆனால் இரண்டு நாள் கழித்து. பதிவிலேயே விடையைச் சொல்லிவிட்டால் விட்டுவைத்தவர் வாயைத் திறக்க மாட்டார்.

அக்ரி மாணவன்:
அந்த இரண்டு நாளில் பக்கத்துச் செடிக்கும் வெள்ளை ஈ கொண்டுபோய்விடும் அண்ணா. என்னால் இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மொட்டைமாடி:
சரி, இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்: "கடைசியாக இலை சுருண்ட தக்காளிச் செடியைப் பிடுங்கினீர்களா, விட்டுவைத்தீர்களா? என் செடி பூ விட்டிருந்ததால் பிடுங்க மனசு வரவில்லை. ஒரு வாரம் பார்த்தேன்." அந்த வாரம் என்ன ஆனது என்பதை இப்போது சொல்லாமல், பிறகு கமெண்டில் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

பழைய உதவியாசிரியர்:
கேள்வி முதல் வரியிலேயே இருப்பது நல்லது. நீளமான பதிவின் கடைசி வரி "மேலும் பார்க்க" என்பதற்குள் ஒளிந்துவிடும், பலர் அதைத் தொடவே மாட்டார்கள். உங்கள் கதை இரண்டு வரியோடு நின்றதும் சரி. முழுக்கதையும் எழுதினால் பாராட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

பால்கனி அக்கா:
எனக்கு இது பிடிக்கவில்லை. முடிவைச் சொல்லாமல் நிறுத்துவது ஆளைக் கமெண்டுக்கு இழுக்கிற வேலை மாதிரி இருக்கிறது. செடி செத்திருந்தால் செத்தது என்றே சொல்லிவிடுங்கள். அப்போதுதான் என்னைப் போன்றவர்கள் எழுதுவார்கள்.

சேலைக்கடை:
அக்கா சொல்வதுதான் எனக்கும் படுகிறது. ஆனால் நான் டேக்கை விடமாட்டேன். கடையில் எனக்கு வேண்டியது ஆள், அவர்கள் கதையில்லை. மொட்டைமாடிக்கு வேண்டியது வேறு, அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். கேள்வி வேலை செய்ததா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? எண்ணிக்கை குறையத்தானே செய்யும்?

பழைய உதவியாசிரியர்:
குறையலாம். நான் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. கமெண்டில் ஒரு மாதமோ, ஒரு ஊரோ, ஒரு தொட்டியோ இருக்கிறதா என்று பார்ப்பேன். "சித்திரை வெயிலில், கிழக்குப் பக்கத் தொட்டியில்" என்று ஒருவர் எழுதினால் அவர் நினைவிலிருந்து எழுதுகிறார். அப்புறம், படிப்பவர்கள் உங்களை விட்டுவிட்டு ஒருவரோடு ஒருவர் பேசத் தொடங்கினார்களா என்று பார்ப்பேன்.

மொட்டைமாடி:
அக்கா பேச்சைக் கேட்டு "நாலாவது நாள் கொழுந்தெல்லாம் சுருங்கிவிட்டது, வாரம் முடிந்ததும் பிடுங்கினேன்" என்று சேர்த்துவிட்டேன். அக்ரி தம்பி, வைரஸ் பற்றிய வரியை முதல் கமெண்டில் போட்டு மேலே பின் பண்ணிவைக்கிறேன், போதுமா?

அக்ரி மாணவன்:
பதிவிலேயே இருந்தால்தான் நல்லது. ஆனால் இதுவும் பரவாயில்லை. கொழுந்து படம் ஒன்று, அடி இலை படம் ஒன்று சேர்த்துப் போடுங்கள்.