கண்ணெதிரே செக்கில் ஆட்டிய எண்ணெயிலும் காறல் வாடை, உங்களுக்கும் நடந்ததா?

ஒரத்தநாட்டு மருமகள்: ஐப்பசி மழை ஓய்ந்ததும் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு வியாபாரியிடம் கொப்பரை வாங்கி, மரச்செக்கில் நின்று ஆட்டி வந்தோம். கொப்பரை சங்கு மாதிரி வெள்ளை. முறுக்குக்கு எண்ணெய் காய்ந்ததும் நுரை பொங்கி, சட்டி விளிம்பு வரை ஏறிவிட்டது. அடுத்த மாதம் கேனைத் திறந்தால் காறல். கலப்படத்துக்கு வழியே இல்லை. அப்புறம் எப்படி?

மன்னார்குடி மாமா: பிரிட்ஜில் வைத்துப் பாரம்மா. உறைந்தால் சுத்தம், உறையாவிட்டால் கலப்படம். மில் எண்ணெயைத்தான் நம்பக்கூடாது, செக்கு என்றைக்கும் செக்குதான்.

செக்கு வீட்டுப் பையன்: மாமா, பாமாயில் கொட்டை எண்ணெய் கலந்திருந்தாலும் உறையும். அக்கா கேட்பது வேறு. அந்த வெள்ளை கந்தகப் புகை போட்டதாக இருக்கலாம். புகை போட்டால் பூஞ்சை பிடிக்காது, நிறமும் மங்காது, ஆனால் உள்ளே ஈரம் அப்படியே நிற்கும், அதுதான் எண்ணெயில் நுரையாகவும் காறலாகவும் வரும். நல்ல கொப்பரையில் ஈரம் 6 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அதற்கு ஏழெட்டு நாள் நல்ல வெயில் வேண்டும், மழைக்காலத்தில் எங்கே கிடைக்கும்? எங்கள் வீட்டில் மூட்டையின் அடியிலிருந்து ஒன்றை எடுத்து ஒடிப்போம். படக்கென்று உடைந்தால் வாங்குவோம், வளைந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம். ஒருமுறை வளைந்ததை ஒரு வாடிக்கையாளர் பிடிவாதமாக ஆட்டச் சொன்னார். பிண்ணாக்கு பிசுபிசுவென்று உலக்கையில் ஒட்டிக்கொண்டது, எண்ணெய் கலங்கலாகவே இறங்கியது. நன்றாகக் காய்ந்ததில் 10 கிலோவுக்கு 6 கிலோ எண்ணெய் வரும், அன்றைக்கு அதன் பக்கத்தில்கூட வரவில்லை. ஈரக் கொப்பரையைச் செக்கில் போடுவதைவிடக் காய்ந்ததை மில்லில் எக்ஸ்பெல்லர் இயந்திரத்தில் போடுவது மேல்.

மன்னார்குடி மாமா: எக்ஸ்பெல்லர் சூட்டில் மணம் போய்விடுமே தம்பி. அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கும்பகோணம் ராணி: எனக்கு முடி கொட்டுகிறது, எந்த எண்ணெய் நல்லது?

செக்கு வீட்டுப் பையன்: முடி கொட்டுவதற்கு டாக்டரைப் பாருங்கள் அக்கா. தலைக்குத் தேய்க்க, சமையலுக்கு வாங்கும் அதே எண்ணெய் போதும். பாட்டிலில் பின்பக்கம் பாருங்கள், மினரல் ஆயிலும் வாசனையும் சேர்த்தது என்றால் அது சமையலுக்கு ஆகாது.

திருவாரூர் டீச்சர்: பாத்திரத்தை ஏன் யாரும் சொல்லவில்லை? எங்கள் தெருக் கடையில் கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் பாட்டில்களை வாசல் வெயிலில் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒன்று வாங்கி மூடியைத் திறந்ததும் பழைய மெழுகு வாடை முகத்தில் அடித்தது. எண்ணெயை மூன்று நாள் தெளியவிட்டு, துணியில் வடித்து, ஈரமே இல்லாத எவர்சில்வர் தூக்கில் வாய்வரை நிரப்பி இருட்டில் வையுங்கள். பழைய மண்டி மேல் புதிதை ஊற்றாதீர்கள். தினம் எடுக்கத் தனியாக ஒரு சின்ன பாட்டில், அதில் ஈரக் கரண்டி படவே கூடாது. தேங்காய் எண்ணெய்க்கு மட்டுமில்லை, நல்லெண்ணெய்க்கும் இதேதான்.

ஒரத்தநாட்டு மருமகள்: மீதிக் கொப்பரையை இப்போதுதான் ஒடித்துப் பார்த்தேன், ரப்பராக வளைகிறது. வெயிலில் போட்டிருக்கிறேன். கேனில் இருக்கும் எண்ணெயைக் காய்ச்சினால் தேறுமா?

செக்கு வீட்டுப் பையன்: ஈரம் போகும், காறல் போகாது. விளக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மன்னார்குடி மாமா: முருங்கைக்கீரை போட்டுக் காய்ச்சிப் பாரம்மா, எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்வார்கள்.