கனடா விசா கையில் இருந்தும் அம்மாவைக் கொழும்பில் திருப்பி அனுப்பினார்கள்

ஸ்காபரோ மகள்: அம்மாவுக்கு இலங்கை பாஸ்போர்ட், கனடா விசா. மலிவாகக் கிடைத்த டிக்கெட், கொழும்பிலிருந்து தோஹா, பாரிஸ், ஃபிராங்க்ஃபர்ட், அப்புறம் டொராண்டோ. எல்லாம் ஒரே டிக்கெட், வெளியே போகப் போவதே இல்லை. கவுண்டரில் இருந்த பிள்ளை கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு "ஷெங்கன் விசா எங்கே அம்மா?" என்று கேட்டிருக்கிறாள். கனடா விசாவைக் காட்டியும் சரிவரவில்லை. பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு இரவு பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்தார்.

ஊர்சுற்றி: விமான நிலையத்தை விட்டு வெளியே போகாவிட்டால் விசாவே வேண்டாமே. நான் ஆம்ஸ்டர்டாமில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், ஒருத்தரும் கேட்கவில்லை.

பழைய ஏஜென்ட்: தம்பி, உங்களுடையது இந்திய பாஸ்போர்ட்டாக இருக்கும். ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய ஷெங்கன் நாடுகள் எல்லாமே, வெளியே போகாமல் விமானம் மாறுவதற்கு மட்டுமான டிரான்சிட் விசா கேட்கிற 12 நாட்டுப் பட்டியலில் இலங்கை இருக்கிறது, இந்தியா இல்லை. ஆனால் செல்லுபடியான கனடா, அமெரிக்கா, ஜப்பான் விசா இருந்தால் இலங்கையருக்கும் அந்த டிரான்சிட் விசா தேவையில்லை. தங்கச்சியின் அம்மா பாரிஸில் மட்டும் மாறியிருந்தால் பிரச்சினையே வந்திருக்காது.

இடறியது பாரிஸ்–ஃபிராங்க்ஃபர்ட் துண்டில்தான். இரண்டும் ஷெங்கனுக்குள் என்பதால் அது உள்ளூர் விமானம் மாதிரி, அதில் ஏற பாரிஸிலேயே குடிவரவைத் தாண்டி உள்ளே போக வேண்டும். அதற்கு முழு ஷெங்கன் விசா வேண்டும், டிரான்சிட் விசா எடுத்து வைத்திருந்தாலும் உதவாது. தனித்தனி டிக்கெட் எடுத்துப் பெட்டியை நடுவில் வாங்கி மறுபடி போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். விலையைப் பார்க்கும் முன் வழியில் எத்தனை ஷெங்கன் விமான நிலையம் என்று எண்ணிப் பாருங்கள்.

கோவை பாலு: எனக்கு லண்டனில் எட்டு மணி நேரம் இருக்கிறது, வெளியே போய் நல்ல தோசை சாப்பிட முடியுமா?

பழைய ஏஜென்ட்: பாலு, அது வேறு கேள்வி, தனியாகப் போடுங்கள்.

ஸ்காபரோ மகள்: இப்போது தோஹாவிலிருந்து நேரே டொராண்டோ எடுத்துவிட்டேன், கூடுதல் காசு போனது போனதுதான். தம்பி அமெரிக்கா வழியாகப் போடச் சொன்னான், நல்லவேளை கேட்கவில்லை.

பழைய ஏஜென்ட்: அமெரிக்காவில் வெளியே போகாமல் விமானம் மாறுகிற பகுதியே கிடையாது, இரண்டு மணி நேர மாற்றத்துக்கும் குடிவரவு வரிசையில் நிற்க வேண்டும். அதற்கு சி-1 என்கிற அமெரிக்க டிரான்சிட் விசாவோ பயணி விசாவோ இல்லாமல் கவுண்டரிலேயே ஏற்ற மாட்டார்கள்.

வவுனியாக்காரி: எங்கள் மாமிக்குத் திரும்பும்போது சிக்கல். டொராண்டோவில் தங்குகிற காலத்தை நீட்டித்தோம், அதற்குள் பாஸ்போர்ட்டில் இருந்த விசாவின் தேதி முடிந்துவிட்டது. பயன்படுத்திய விசாவோடு கனடாவிலிருந்து திரும்புகிறவருக்கும் அந்த ஷெங்கன் டிரான்சிட் விசா விலக்கு உண்டு என்று விதியைக் காட்டினோம், கவுண்டரில் ஒருவர் சரி என்றார், இன்னொருவர் மேலதிகாரியைக் கூப்பிட்டார், முக்கால் மணி நேரம். கடைசியில் ஏற்றினார்கள். அடுத்தவருக்கு ஏற்றுவார்களோ தெரியாது, நாங்கள் விதியை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தோம்.