குடையைத் தேடினால் காடு வந்தது: விடாமல் துரத்திய பிழை, விடக்கூடாத வசதியாக மாறிய அனுபவம்

நிரலர்:
ஒரு நூலகத்தின் ஓலைச்சுவடிப் பட்டியலுக்கான தேடல் நிரலைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதோடு ஒரு பழைய புகாரும் சேர்ந்து வந்தது. ‘குடை’ என்று தேடினால் கூடை, கொடை, காடு, கோடு எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ‘திருவிளையாடல்’ போன்ற நீண்ட சொல்லைத் தேடினாலோ சரியான விடை மட்டுமே வரும். அதனால் எப்போதாவதுதான் புகார் எழும். கைக்குச் சிக்காமல் நழுவிவிடும். தரவுத்தளத்தின் அகரவரிசை அமைப்பைச் சந்தேகித்தேன். பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியபோது ஏதோ சிதைந்ததோ என்றும் பார்த்தேன். இரண்டுமே காரணமில்லை.

கடைசியில், தேடலுக்கு முன் சொல்லிலிருந்து நிறுத்தற்குறிகளை நீக்கும் இந்த வரியில் வந்து நின்றேன்:

```python
re.sub(r'\W', '', word)
```

பைத்தானின் `re`, தமிழ்த் துணைக்கால், கொம்பு, புள்ளி ஆகியவற்றை எழுத்தாகக் கொள்வதில்லை. முற்றுப்புள்ளியையும் மேற்கோள்குறியையும் நீக்க எழுதிய வரி, உயிர்க்குறிகளையும் சேர்த்து நீக்கிவிட்டது. குடையும் காடும் ‘கட’ என்றே சுருங்கின. ‘திருவிளையாடல்’ சுருங்கி ‘தரவளயடல’ ஆனாலும், அதே வடிவத்துக்கு வேறு சொல் கிடையாது. நீண்ட சொற்கள் தப்பித்ததன் காரணம் அதுதான்.

இந்தக் குறிகளையும் எழுத்தாகக் கொள்ளும் `regex` தொகுப்புக்கு மாற்றினேன், பிழை போனது. சில நாளில் சுவடி பெயர்த்தெழுதும் பெரியவர் ஒருவர் அழைத்தார். “தம்பி, ஏட்டில் இருப்பதை அப்படியே அடித்தால் முன்பெல்லாம் கிடைக்கும். இப்போது ஒன்றும் வருவதில்லையே?” என்றார். அவர் அடித்தது ‘சொதிடம’. ஏட்டில் பெரும்பாலும் புள்ளி இராது. கொ, கோ வேறுபாடும் இராது. ‘சோதிடம்’, ‘சொதிடம’ இரண்டும் பழைய வரியில் ‘சதடம’ ஆகிப் பொருந்தின. நான் பிழையென்று துரத்தியதுதான் அவருக்கு அந்தத் தளத்தின் பயனே.

நீக்கியதைத் திரும்பக் கொண்டுவந்தேன், இம்முறை தெரிந்தே. முதலில் சரியான பொருத்தம். அதன் கீழே, ‘எழுத்து வேறுபாடு உள்ளவை’ என்ற தலைப்பில், குறிகளை நீக்கியபின் மிஞ்சும் மெய்க்கூடு மட்டும் பொருந்துபவை. நான்கு எழுத்துக்குக் குறைந்த கூட்டுக்கு இரண்டாம் பட்டியல் கிடையாது. இல்லையென்றால் ‘மூலி’ தேடும் மருத்துவச் சுவடி ஆய்வாளர் முன்னால் அத்தனை ‘மாலை’ நூல்களும் குவிந்துவிடும்.

இணைய வடிவமைப்பாளர்:
இதற்கு இத்தனை அலைச்சல் தேவையே இல்லை. யூனிகோட் இயல்பாக்கம் செய்தால் போதும். கொம்பும் காலும் தனித்தனியாக அடித்த ‘கொ’, ஒரே குறியாக அடித்த ‘கொ’ இரண்டும் ஒன்றாகிவிடும்.

நிரலர்:
அவை ஒன்றாவது உண்மை. அந்தச் சிக்கலும் எங்கள் பட்டியலில் இருந்தது. ஆனால் இயல்பாக்கிய பிறகும் அது குறியாகவே இருக்கும். `\W` அதையும் நீக்கிவிடும்.

பள்ளி ஆசிரியர்:
என்னிடம் பழைய டிஸ்கி எழுத்துருவில் அடித்த வினாத்தாள்கள் இருக்கின்றன. அவற்றில் தேடினால் ஒன்றுமே அகப்படுவதில்லை. மேலே உள்ள வரியைச் சேர்த்தால் சரியாகிவிடுமா?

நிரலர்:
இல்லை ஐயா, அது வேறு சிக்கல். அந்தக் கோப்புகளை முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

விளையாட்டு நிரலாளர்:
1978இல் நிஷிகாடோ உருவாக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ நினைவுக்கு வருகிறது. திரையில் பகைவர்கள் நிறைய இருக்கும்போது அந்தக் கருவியால் வேகமாக வரைய முடியவில்லை. சுடச்சுட எண்ணிக்கை குறைந்தது, மிஞ்சியவர்கள் வேகமெடுத்தார்கள். அவர் அதைத் திருத்தாமல் விட்டார். ஆட்டத்தின் பதற்றமே அதுதான். ஆனால் உங்கள் கதையில் ஒரு வேறுபாடு உண்டு. நீங்கள் திருத்தியதால்தானே அது யாருக்குத் தேவை என்று தெரியவந்தது?

சுவடி வாசிப்பவர்:
நான்கெழுத்து வரம்பை நான் ஏற்கமாட்டேன். ‘கோவை’ நூல்கள் ஏராளம். ஏட்டில் அது ‘கொவை’. உங்கள் கணக்கில் அது ‘கவ’, இரண்டே எழுத்து. அதைத் தேடுபவருக்கு வெறுங்கைதானா? எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை இன்றைய வடிவில் நிறுத்தியவர் 18ஆம் நூற்றாண்டின் வீரமாமுனிவர் என்பார்கள். அதற்குப் பிறகு எழுதிய ஏடுகளிலும் பழைய வழக்கம் நீடித்தது. ஆகவே இது அரிதான நேர்வு அல்ல.

நிரலர்:
சரியான கேள்வி. குறுஞ்சொற்களுக்கு எல்லாக் குறிகளையும் நீக்காமல், புள்ளியை மட்டும் நீக்கி, ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் ஒன்றாகக் கொள்ளலாம். ‘கொவை’ கோவையைச் சேரும், ‘காவி’ வராது. இந்த வாரமே செய்து பார்க்கிறேன்.

சுவடி வாசிப்பவர்:
அப்படியானால் ரகரத்தை என்ன செய்வீர்கள்? பல ஏடுகளில் துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே வடிவம். ‘காலம்’ என்பதை ‘கரலம’ என்று ஒருவர் படித்து அடித்தால், உங்கள் கூட்டில் ஓர் எழுத்து மிகுந்துவிடும்.

நிரலர்:
ரகரத்தையும் நீக்கலாம் என்றால் ‘மரம்’, ‘மாமா’ இரண்டும் ‘மம’ ஆகிவிடுகின்றன. வழி இன்னும் பிடிபடவில்லை. அப்படித் தவறாகப் படித்துத் தேடிய சொற்கள் உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள், அவற்றை வைத்தே சோதிக்கிறேன்.