புதுப்பிப்பு: பழைய காசோலை என்ன ஆனது

அன்று நான் கேட்டது: "காலி செய்த வீட்டின் அட்வான்ஸ் 40,000 ரூபாய்க்கு ஓனர் தந்த செக் பீரோவில் கிடந்தது. தேதி ஜனவரி 12, இப்போது மே. போடலாமா?"

போடவில்லை. ஆறு மாதம் செல்லும் என்று ஒருவர் அடித்துச் சொன்னார், அது 2012 ஏப்ரலுக்கு முந்தைய கதை, இப்போது மூன்றே மாதம், அதுவும் கைக்கு வந்த நாளிலிருந்து இல்லை, செக்கில் எழுதிய தேதியிலிருந்து. போட்டிருந்தால் திரும்பி வந்திருக்கும்.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர், செக் செத்தாலும் கடன் சாகாது, ஆனால் காலாவதியான செக்கை வைத்து செக் மோசடி வழக்கு போட முடியாது, புதுசு வாங்குங்கள் என்றார். ஓனரோ தேதியைத் திருத்திக் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். விதிப்படி தேதி திருத்தம் மட்டும் செல்லும்தான், ஆனால் என் கிளையில் கவுன்டரிலேயே வேண்டாம் என்றுவிட்டார்கள். அப்புறம் பழையதை அவர் கையிலேயே கிழித்துவிட்டு, புது செக் வாங்கிப் போட்டேன், மறுநாளே பணம் ஏறியது.

டிடி பற்றிக் கேட்ட அக்கா, அதற்கும் மூன்று மாதம்தான், எடுத்தவரே வங்கியில் புதுப்பிக்க வேண்டும். ஓனர் இறந்திருந்தால் என்ன என்று கேட்டவருக்கு மட்டும் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.