பிபி பட்டை கையில் சேராதபோது: கண்டதைப் பகிருங்கள்

கயல்விழி: பருமனான ஒருவர் பிபி பார்க்க உட்காருகிறார். பட்டை எட்டவில்லை. காற்று ஏறியதும் ஒட்டு பிரிந்துவிடுகிறது. "கை இவ்வளவு பெரிசா இருந்தா எப்படிப் பார்க்கறது?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்கிறார்கள். பட்டையைக் கையால் அழுத்திப் பிடித்து எடுத்தால் 152/96. "முதல்ல எடையைக் குறைங்க" என்று மாத்திரை எழுதியாகிறது. வீட்டில் "நாங்க சொன்னப்ப கேட்டியா?" அடுத்த முறை அவர் வருவதே இல்லை. அந்தக் கையின் சுற்றளவு 46 செ.மீ. அளவான பட்டை கட்டியிருந்தால் 132/88 வாக்கில் நின்றிருக்கும். சின்னப் பட்டையின் காற்றுப்பை கையைப் போதிய அளவு சுற்றாது. ரத்தக்குழாயை அழுத்தக் கூடுதல் காற்று தேவைப்படுகிறது, அதுதான் பிபி என்று பதிவாகிறது.

மணிமாறன்: பெரிய கைன்னா 10 கழிச்சு எழுதிட்டா சரியாப்போச்சே.

கயல்விழி: கூட்டிக் காட்டும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு என்பது கைக்குக் கை மாறும். 2023இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டை மேல் அளவைச் சராசரியாக 5 கூட்டிக் காட்டியது. அதைவிடப் பெரியது தேவைப்பட்டவர்களுக்குச் சராசரியாகக் கிட்டத்தட்ட 20. ஒரே எண்ணைக் கழித்தால் சிலருடைய நிஜமான உயர் அழுத்தம் மறைந்துபோகும்.

ரேவதி: உப்பை எவ்வளவு குறைக்கணும்? அம்மாவுக்கு எப்பவும் 150க்கு மேலதான்.

கயல்விழி: உப்புப் பேச்சு அப்புறம் ரேவதி, முதலில் அம்மாவின் கையை அளந்துவிடுங்கள். தோள் எலும்பின் முனைக்கும் முழங்கைக்கும் சரிபாதியில் டேப்பைச் சுற்றுங்கள். 27 முதல் 34 செ.மீ. வரை சாதாரணப் பட்டை, 35 முதல் 44 வரை பெரியது, 45 முதல் 52 வரை மிகப் பெரியது. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும் என்பதால் பட்டையில் அச்சிட்டிருப்பதையும் பாருங்கள். அந்த எண்ணை எழுதி எடுத்துப் போய், "இந்த அளவுக்குப் பட்டை இருக்கா?" என்று உட்காரும் முன்பே கேளுங்கள்.

சலீம்: எதை முதலில் பார்க்கிறோம் என்ற வரிசையும் பிபி அளவைக் கெடுக்கும். வராந்தாவில் எடை பார்த்து, எண்ணைச் சத்தமாகச் சொல்லி, அந்தப் படபடப்போடு பிபி எடுத்தால் ஏறத்தான் செய்யும். 5 நிமிடம் சும்மா உட்கார வைத்து பிபி எடுத்துவிட்டு, அப்புறம் எடை பார்க்கலாம். மயக்க மருந்து அளவுக்கும் இதயக் கோளாறில் நீர் கோர்ப்பதைக் கவனிக்கவும் எடை அவசியம். தொண்டை வலிக்கு வந்தவர் "இன்னைக்கு எதுக்குங்க?" என்று கேட்பதில் தப்பே இல்லை. கூட வரும் வீட்டாரும் பார்த்துக்கொள்ளணும். "இவ சாப்பாட்டைக் குறைக்கவே மாட்டா" என்று முந்திக்கொண்டால், சொல்ல வந்த வலி சீட்டில் ஏறாது.

மணிமாறன்: பெரிய பட்டையே இல்லாத இடத்துல? முன்கையில கட்டலாமா?

கயல்விழி: வேறு வழியில்லாதபோது கட்டுகிறார்கள். மேல்கை அளவோடு அது ஒத்துப்போகாது, அதனால் எங்கே எடுத்தது என்று சீட்டில் குறித்தே ஆகவேண்டும். தோள்பக்கம் பருத்து முழங்கைப்பக்கம் சிறுத்த கையில் பெரிய பட்டைகூடச் சரியாக உட்காருவதில்லை. அதற்கு யாராவது நல்ல வழி கண்டிருந்தால் எழுதுங்கள்.